சோலார் பேனலில் பாதி நிழல்: ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரா, மைக்ரோ இன்வெர்ட்டரா? கடலோர வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் சோலார் போட நினைக்கும் வீடுகளில் பேச்சு தொடங்கியதும் வரும் முதல் கேள்வி இதுதான்: "ஏன் தம்பி, ஒரு பேனல்ல நிழல் விழுந்தா மொத்த லைனும் படுத்துருமாமே? அதுக்கு மைக்ரோ இன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்காமே, அதையே போட்டுருவமா?"

கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் நிழல் இல்லாத மொட்டை மாடி அபூர்வம். வீட்டைச் சுற்றித் தென்னை, கொஞ்சம் தள்ளிப் பனை, மாடியில் படிக்கட்டு அறை, அதன் தலையில் தண்ணீர் டேங்க். ஆனால் "மொத்த லைனும் படுத்துவிடும்" என்பது பாதிதான் உண்மை. மாடி அறையின் கருப்பு நிழல் ஒரு பேனலை முழுதாக மூடினாலும், ஒழுங்காக வேலை செய்யும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டருக்கும் மைக்ரோ இன்வெர்ட்டருக்கும் பெரிய வித்தியாசம் வராது. பெரிய வித்தியாசம் வருவது, யாரும் கண்டுகொள்ளாத அந்த மெல்லிய தென்னை நிழலில். இது ஏன் இப்படி, உங்கள் மாடியில் எந்த வகை நிழல், அதனால் எத்தனை யூனிட் போகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்குத்தான் இது.

முதலில்: பேனலுக்குள் என்ன நடக்கிறது

இப்போது வீடுகளுக்கு வரும் 540 வாட் பேனலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். 3 கிலோவாட் வீட்டுக்கு இப்படி 6 பேனல். ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் என்றால் இந்த ஆறையும் தொடராக ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, இரண்டு வயரைக் கீழே கொண்டுவந்து சுவரில் இருக்கும் ஒரே மெஷினில் கொடுப்பார்கள். மைக்ரோ இன்வெர்ட்டர் என்றால் ஒவ்வொரு பேனலுக்கு அடியிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது அந்த ஒரு பேனலின் கரண்டை மட்டும் மாடியிலேயே 230 வோல்ட் ஏ.சி. ஆக்கிவிடும். இரண்டு அல்லது நான்கு பேனலுக்கு ஒரு பெட்டி என்றும் உண்டு. அப்போதும் ஒவ்வொரு பேனலுக்கும் தனி உள்வாயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடரில் கோர்த்தால் எல்லாப் பேனலிலும் ஒரே ஆம்பியர்தான் ஓட முடியும். மாடிக்கு கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவர் சோர்ந்துபோனால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் அவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பழைய வேகத்திலேயே தொடர வேண்டும். பேனலில் இந்த "ஒதுங்கி நில்" வேலையைச் செய்வது பைபாஸ் டயோடு.

ஒரு பேனலில் பொதுவாக 3 பைபாஸ் டயோடுகள் இருக்கும். அவை பேனலை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒரு பட்டையில் நிழல் விழுந்தால் அந்தப் பட்டையின் டயோடு திறந்து, கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தப் பட்டையின் வோல்ட், சுமார் 13, கணக்கிலிருந்து போகும். கூடவே டயோடு தின்னும் அரை வோல்ட். மற்றதெல்லாம் முழு வேகத்தில் ஓடும்.

பட்டை நீளவாக்கில் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள், பேனலை எப்படிக் கிடத்துவது என்பதே இதில்தான் இருக்கிறது. பேனலைச் செங்குத்தாக, அதாவது குட்டைப் பக்கம் கீழே வரும்படி வைத்திருந்தால், பக்கவாட்டிலிருந்து ஏறிவரும் நிழல் பட்டை பட்டையாகத்தான் பிடிக்கும். கீழ் ஓரத்தில் குறுக்காக ஒரு கைப்பிடிச் சுவர் நிழல் விழுந்தாலோ மூன்று பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். இப்போதைய பாதி செல் பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக ஓடுவதால் அந்த நிலையிலும் மேல் பாதி பிழைக்கும். பழைய பேனல் என்றால் அதுவும் போச்சு. கைப்பிடிச் சுவர்தான் உங்கள் பிரச்சினை என்றால் பேனலைப் படுக்கை வசத்தில் வைப்பது நல்லது. கீழிருந்து ஏறும் நிழல் முதலில் ஒரு பட்டையை மட்டும்தான் எடுக்கும்.

இரண்டாவது: உங்கள் மாடியின் நிழலை வரைந்து பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் நிழல் விளக்கங்கள் பலவும் வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளுக்கானவை. அங்கே சூரியன் எப்போதும் தெற்கில். நம் கடற்கரை இருப்பது சுமார் 9.3 டிகிரி வடக்கு அட்சரேகையில். சித்திரை பிறக்கும் சமயம் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதாவது வருடத்தில் நாலரை மாதம், பேனலுக்கு வடக்கே நிற்கும் பொருளின் நிழலும் பேனல் பக்கம் சாயும். ஜூன் நடுப்பகலில் அந்த நிழலின் நீளம் பொருளின் உயரத்தில் கால் பங்குதான், ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வடக்குச் சுவரை ஒட்டிப் பேனலைத் தள்ளி வைத்துவிட்டு "தெற்கே ஒன்றும் இல்லை, நிழலே வராது" என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம்.

நிழல் மோசமாக இருப்பது மார்கழியில். டிசம்பர் 21 வாக்கில் கணக்கு இப்படி வரும். நம் பகுதியில் கடிகாரப்படி 12.11 மணி அளவில்தான் சூரியன் நடுவுக்கு வரும். அப்போது நிழல், பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நேர் வடக்கே விழும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2.20க்கும் நிழல் ஏறக்குறைய பொருளின் உயரமே இருக்கும். காலை 8.30க்கும் பிற்பகல் 3.50க்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. காலை நிழல் வடமேற்கே சாயும், மாலை நிழல் வடகிழக்கே.

இந்த மூன்று எண்கள் போதும். டேப், சாக்கட்டி, ஒரு தாள் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். பொருளின் உயரம் என்றால் மாடித் தரையிலிருந்து அல்ல, பேனல் இருக்கப்போகும் மட்டத்திலிருந்து. படிக்கட்டு அறை 8 அடி, மேலே டேங்க் 4 அடி, மொத்தம் 12 அடி என்று வையுங்கள். பேனல் ஸ்டாண்டு 4 அடி உயரம் என்றால் நிழல் போடும் உயரம் 8 அடி. பிற்பகல் 2.20க்கு அந்த நிழல் 8 அடி நீளம். சாய்வாக விழுவதால் கிழக்கே ஐந்தரை அடி, வடக்கே ஆறு அடி போகும். 3.50க்கு 16 அடி நீளமாகி, கிழக்கே பதின்மூன்றரை அடி வரை எட்டும்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். வாஸ்துப்படி டேங்கைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், உயரத்தில் ஏற்றி வைப்பார்கள். வீட்டுக்கு நல்லதோ என்னவோ, பேனலுக்கு நல்லதில்லை. கார்த்திகையிலிருந்து தை வரை, மதியத்துக்கு மேல் சூரியன் தென்மேற்கில்தான் இருக்கும். டேங்க் நிழல் மாடியின் நடுவைப் பார்த்தே படுக்கும். டேங்கை நகர்த்தச் சொன்னால் வீட்டில் நடக்காது. ஆகவே பேனலைத்தான் கிழக்கு, வடகிழக்குப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

மர நிழலுக்கு டேப் உதவாது. அதன் தன்மை வேறு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு பொருள் பேனலிலிருந்து அதன் அகலத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் விலகிப் போனால் அதன் நிழலில் கருமையே மிஞ்சாது. தென்னங்கீற்றின் ஒற்றை இலை 4 செ.மீ. அகலம் என்றால் 4 மீட்டருக்கு அப்பால் அது கருப்பு நிழல் போட முடியாது. 30 அடி தள்ளி நிற்கும் தென்னையின் கொண்டை, பேனல் மேல் விழும்போது வெறும் மங்கலாக, திட்டுத் திட்டாகத்தான் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் "இது ஒரு நிழலா" என்று தோன்றும். வெயிலில் பாதி அங்கே போயிருக்கும். தண்டு வேறு: ஓரடி தடிமன் தண்டு அதே தூரத்திலும் நடுவில் கருப்புக் கோடு போடும்.

ஆக, தாளில் இரண்டு நிறத்தில் வரையுங்கள். சுவர், டேங்க், தண்டு போடும் கருப்பு நிழல் ஒன்று, கொண்டை போடும் மங்கல் நிழல் ஒன்று. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்றும் பக்கத்தில் எழுதுங்கள். இன்வெர்ட்டர் முடிவு இந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது: இழப்பைக் கணக்குப் போடுவது

நமது 6 பேனல் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக ஒரே வரிசை, செங்குத்தாக வைத்தவை. மேற்கு ஓரத்தில், இரண்டடி இடைவெளி விட்டுப் படிக்கட்டு அறை. கிழக்கே தோப்பு. வெயில் நடுத்தரமாக இருக்கும் ஒரு நேரத்தில் ஒவ்வொரு பேனலும் 40 வோல்ட், 7.5 ஆம்பியர், அதாவது 300 வாட் தருகிறது என்று வைப்போம். நிழலே இல்லாவிட்டால் ஆறும் சேர்ந்து 240 வோல்ட், 1,800 வாட். எண்களை எளிதாக்கியிருக்கிறேன், இன்வெர்ட்டருக்குள் போகும் சின்ன இழப்பையும் விட்டுவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

பிற்பகலில் படிக்கட்டு அறையின் நிழல் முதல் பேனலை முழுதாக மூடிவிட்டது. கருப்பு நிழல்தான், ஆனாலும் வானத்து வெளிச்சம் கொஞ்சம் விழும். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் என்று வைத்தால் அந்தப் பேனலால் 1.5 ஆம்பியர்தான் தர முடியும். ஸ்ட்ரிங் இன்வெர்ட்டருக்கு இப்போது இரண்டு வழி.

ஒன்று, 7.5 ஆம்பியரையே இழுப்பது. நிழல் பேனலின் மூன்று டயோடுகளும் திறந்து அது ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் 5 பேனல், 200 வோல்ட். டயோடுகள் தின்னும் ஒன்றரை வோல்ட்டைக் கழித்தால் 198.5 வோல்ட். 7.5 ஆல் பெருக்கினால் சுமார் 1,490 வாட்.

இன்னொன்று, யாரையும் ஒதுக்காமல் எல்லாரையும் 1.5 ஆம்பியருக்கு இறக்குவது. கரண்ட் குறைந்தால் பேனலின் வோல்ட் கொஞ்சம் ஏறும், ஆகவே மொத்தம் 265 வோல்ட் அளவில் நிற்கும். 265 ஐ 1.5 ஆல் பெருக்கினால் வெறும் 400 வாட்.

மைக்ரோ போட்டிருந்தால்? ஐந்து பேனல் 1,500 வாட், நிழல் பேனல் 60 வாட், ஆக 1,560. முதல் வழியில் போகும் ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் 70 வாட்தான் கூடுதல். இரண்டாம் வழியில் மாட்டிக்கொண்ட ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் 1,160 வாட் கூடுதல். மைக்ரோ விற்பவர் காட்டும் படத்தில் இருப்பது எப்போதும் இந்த இரண்டாவது எண்தான். அது ஸ்ட்ரிங்கின் இயல்பு அல்ல. நல்ல இடத்தைத் தேடிப் பிடிக்காத இன்வெர்ட்டரின் கோளாறு.

நிழல் ஒரு பட்டையை மட்டும் மூடினால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். ஸ்ட்ரிங்கில் 13 வோல்ட் போய் 1,700 வாட் அளவு வரும். மைக்ரோவிலும் அந்தப் பேனலின் மூன்றில் இரண்டு பங்குதான் வேலை செய்யும், அங்கேயும் ஏறக்குறைய 1,700 தான். பேனலுக்கு உள்ளே டயோடு செய்யும் வேலையை மைக்ரோவால் மாற்ற முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இப்போது காலைக்கு வருவோம். தோப்பின் மங்கல் நிழல் கிழக்கே உள்ள மூன்று பேனல்கள் மேல் பரவலாக விழுகிறது. அவற்றுக்கு வெயிலில் 60 சதவீதம் கிடைக்கிறது, அதாவது 4.5 ஆம்பியர். ஸ்ட்ரிங் அந்த மூன்றையும் ஒதுக்கினால் மிச்ச மூன்றில் 115 வோல்ட், 7.5 ஆம்பியர், சுமார் 865 வாட். ஒதுக்காமல் எல்லாரையும் 4.5 ஆம்பியருக்கு இறக்கினால் 252 வோல்ட் அளவு, சுமார் 1,135 வாட். எவ்வளவு கெட்டிக்கார இன்வெர்ட்டராக இருந்தாலும் இந்த 1,135க்கு மேல் எடுக்க வழியில்லை. மைக்ரோவில் வெயில் பேனல் மூன்றும் 900, மங்கல் பேனல் மூன்றும் 540, ஆக 1,440 வாட். முழுசாக 300 வாட் கூடுதல்.

பார்த்தீர்களா, கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்த கருப்பு நிழலில் 70 வாட் வித்தியாசம், கண்டுகொள்ளாமல் விட்ட மங்கல் நிழலில் 300 வாட். கருப்பு நிழலில் பேனலிடம் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, ஒதுக்கினால் நஷ்டமில்லை. மங்கல் நிழலில் நிறைய மிஞ்சியிருக்கும், ஒதுக்கினாலும் நஷ்டம், இழுத்துக்கொண்டு போனாலும் நஷ்டம்.

தென்னைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆடி மாதக் காற்றில் கொண்டை நிற்காமல் ஆடும். எந்தப் பேனலில் எவ்வளவு வெளிச்சம் என்பது நொடிக்கு நொடி மாறும். ஒரே மெஷின் ஆறு பேனலுக்கும் பொதுவான ஒரு புள்ளியைத் தேடும்போது அது எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருக்கும். இன்வெர்ட்டர் டிஸ்பிளேயில் ஆம்பியர் ஏறி இறங்கி அலைவதை வைத்தே, வெளியே போய்ப் பார்க்காமல் தோப்பு நிழல் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

நான்காவது: ஏற்கெனவே போட்டிருக்கும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரைச் சோதிப்பது

புதிதாகப் போடுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் சோலார் ஆள் வேலையை முடித்துக் கொடுக்கும் நாளில் இதைச் செய்துகாட்டச் சொல்வது நல்லது.

மேகமில்லாத நாள், காலை 11 மணிக்கு மேல். எந்தப் பேனலிலும் நிழல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்வெர்ட்டர் டிஸ்பிளேயிலோ மொபைல் ஆப்பிலோ டி.சி. பக்கத்து வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும். `PV1` அல்லது `Vpv`, `Ipv` என்று எழுதியிருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பேனலை மட்டும் தடித்த ஜமுக்காளத்தாலோ அட்டைப்பெட்டியாலோ முழுதாக மூடுங்கள். வயர், கனெக்டர் எதையும் தொட வேண்டாம். வெயிலில் 6 பேனல் கோர்வையில் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடிக்கொண்டிருக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போது டிஸ்பிளேயைப் பாருங்கள். வோல்ட் சுமார் 40 இறங்கி, ஆம்பியர் பழையபடி இருந்தால் இன்வெர்ட்டர் சரியாக நடந்துகொள்கிறது. வோல்ட் இறங்காமல் மேலே ஏறி, ஆம்பியர் அடியோடு விழுந்தால் அது தவறான இடத்தில் மாட்டிக்கொண்டது. உடனே முடிவு செய்ய வேண்டாம். சில மெஷின்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் முழு வோல்ட் வரம்பையும் தேடிப்பார்க்கும். அரை மணி நேரம் விடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: `Shadow Scan` என்று இருக்கலாம், `MPPT multi-peak scanning` என்று இருக்கலாம். பல மெஷின்களில் இது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. இயக்கிவிட்டு அதே ஜமுக்காளச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் மைக்ரோவின் பெரும்பகுதி லாபம் இங்கேயே கிடைத்துவிடும்.

செட்டிங்கை இயக்கியும் சரியாகவில்லை என்றால் மெஷினின் கீழ் வரம்பைப் பாருங்கள். விவரத்தாளில் `MPPT voltage range` என்று ஒரு வரி இருக்கும். நம் வீட்டில் மாலை 3.50க்குப் படிக்கட்டு அறை நிழல், இரண்டடி இடைவெளியைக் கழித்தால், பதினொன்றரை அடி உள்ளே வரும். அது மூன்று பேனல். அவற்றை ஒதுக்கினால் மிஞ்சுவது 115 வோல்ட் அளவு, பேனல் சூடாக இருந்தால் அதற்கும் கீழே. மெஷின் 80 வோல்ட் வரை இறங்கக்கூடியது என்றால் பிழைத்தது. 150க்குக் கீழே இறங்காது என்றால் அதற்கு வேறு வழியே இல்லை, நிழல் பேனலின் ஆம்பியருக்கே எல்லாரையும் இறக்கும். 4 பேனல் மட்டும் கோர்த்த 2 கிலோவாட் வீடுகளில் இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும்.

இன்னொன்றும் இதே வோல்ட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நல்ல வெயிலில், நிழல் எதுவும் இல்லாதபோதே, வழக்கத்தைவிட 13 வோல்ட் அளவு குறைந்து அப்படியே நின்றுவிட்டால் ஏதோ ஒரு பேனலில் பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகி, ஒரு பட்டை நிரந்தரமாக ஒதுங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். இடி மின்னலுக்குப் பிறகு இது நடப்பதுண்டு. முதல் மாதத்திலேயே நல்ல வெயில் நேரத்து வோல்ட்டை ஒரு தாளில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்தால், பிறகு ஒப்பிட எளிது. அதே மணி, அதே மாதம் என்று ஒப்பிடுங்கள். பேனல் சூடேற ஏற வோல்ட் தானாகவே குறையும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

ஐந்தாவது: பணக் கணக்கு

வாட்டை யூனிட்டாக மாற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. நம் வீட்டில் தோப்பு நிழல் காலையில் ஒன்றரை மணி நேரம், வருடத்தில் 120 நாள் என்று வையுங்கள். 0.3 கிலோவாட்டை 1.5 மணியாலும் 120 நாளாலும் பெருக்கினால் 54 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று பிடித்தால் வருடத்துக்கு 324 ரூபாய். மைக்ரோவுக்கு மாறினால் 30,000 ரூபாய் கூடுதல் என்று உங்களுக்கு விலைப்புள்ளி வந்தால், அந்தப் பணம் திரும்ப 90 வருடத்துக்கு மேல் ஆகும். மைக்ரோவே அதற்கு இருக்காது.

அதே வீடு தோப்புக்குள் இருக்கிறது, பாதிப் பேனல்களில் தினமும் 4 மணி நேரம், வருடத்தில் 300 நாள் மங்கல் நிழல் என்றால் 360 யூனிட், 2,160 ரூபாய். 14 வருடத்தில் முதல் திரும்பும். இங்கே யோசிக்கலாம். உங்கள் விலைப்புள்ளி, உங்கள் யூனிட் விலை, உங்கள் தாளில் எழுதிய மணிக்கணக்கு மூன்றையும் போட்டு நீங்களே பாருங்கள். 200 யூனிட்டுக்குக் கீழே வந்தால் நான் ஸ்ட்ரிங்கைத்தான் சொல்வேன். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தில் இன்வெர்ட்டர் வகையால் மாற்றம் இல்லை. ஆகவே கூடுதல் விலை முழுக்க உங்கள் கையிலிருந்துதான்.

மைக்ரோ வாங்குவது என்று முடிவானால் பெட்டியின் வாட்டைப் பாருங்கள். 540 வாட் பேனலுக்கு 350 வாட் மைக்ரோ மாட்டி விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். பங்குனி, சித்திரை நடுப்பகலில் அந்தப் பேனல் 420 வாட் தரும்போது பெட்டி 350இல் நின்றுவிடும். மிச்சம் அப்படியே போகும். காலை நிழலில் மிச்சம் பிடித்ததை மதியம் தொலைத்த கதைதான். டிஸ்பிளேயில் மதியம் 11 முதல் 1 வரை உற்பத்திக் கோடு மேலே தட்டையாக வெட்டப்பட்டது போல் இருந்தால் இதுதான் காரணம்.

கடலோரத்துக்கென்று ஒரு கவலையும் உண்டு. ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் வீட்டுச் சுவரில், நிழலில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மைக்ரோ பேனலுக்கு அடியில், சூட்டிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும். பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் நன்றாகவே அடைத்துத் தருகிறார்கள், பிரச்சினை பெரும்பாலும் கனெக்டர்களில். ஸ்ட்ரிங்கைவிட மைக்ரோவில் மாடியில் இருக்கும் இணைப்புகள் அதிகம். உபயோகிக்காத முனைகளுக்கு மூடி போடாமல் விட்டால் கொஞ்ச காலத்தில் பச்சை பிடித்துவிடும். ஒரு பெட்டி செத்தால் பேனலைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். ஆறு பேனலையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடித்திருந்தால் நடுவில் இருப்பதை எடுக்க மூன்று பேனலைக் கழற்றுவார்கள். மதுரையிலிருந்து ஆள் வர வேண்டிய கம்பெனியா, உள்ளூரில் ஆள் இருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மைக்ரோ பக்கம் நல்லதாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது: ஒரு பெட்டி செத்தாலும் மற்ற ஐந்தும் ஓடும், மாடியில் உயர் வோல்ட் டி.சி. கிடையாது, எந்தப் பேனல் எவ்வளவு தருகிறது என்று ஆப்பில் தனித்தனியாகத் தெரியும். கரண்ட் போனால் இரண்டு வகையும் நின்றுவிடும், அதில் வித்தியாசம் இல்லை.

இரண்டுக்கும் நடுவே

இரண்டு எம்.பி.பி.டி. உள்ள ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் பலருக்குப் போதும். எம்.பி.பி.டி. என்பது பேனல் கோர்வைக்கு ஏற்ற வோல்ட்டைத் தேடிப்பிடிக்கும் உறுப்பு. அது இரண்டு இருந்தால் இரண்டு கோர்வைகள் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியாக ஓடும். நம் காலைக் கணக்கில் வெயில் பேனல் மூன்றை ஒரு கோர்வையாகவும், தோப்பு நிழல் பேனல் மூன்றை இன்னொன்றாகவும் பிரித்திருந்தால், 900, 540 என்று மைக்ரோவின் 1,440ஐயே ஏறக்குறைய எடுத்துவிடலாம். நிபந்தனை இரண்டு. மூன்று பேனலின் 120 வோல்ட், மதியச் சூட்டில் 110 ஆகக் குறைந்தாலும், மெஷினின் கீழ் வரம்புக்கு மேலே இருக்க வேண்டும். நிழலும் தாளில் வரைந்த பிரிவின்படியே விழ வேண்டும். வேலையாட்கள் வயர் மிச்சம் பார்த்து ஒன்று விட்டு ஒன்றாகக் கோர்த்துவிட்டால் இரண்டு கோர்வையிலும் நிழல் கலந்து, பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். எந்தப் பேனல் எந்தக் கோர்வை என்று படம் வரைந்து கொடுத்து, அதன்படி கோர்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒரே ஒரு பேனல் மட்டும்தான் தொல்லை என்றால் அதைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது எல்லாவற்றையும்விட மலிவு. ஸ்டாண்டை உயர்த்துவதும் வழிதான். நம் கணக்கில் 4 அடி ஸ்டாண்டை 7 அடியாக்கினால் நிழல் போடும் உயரம் 8லிருந்து 5 அடியாகும், பிற்பகல் 2.20க்கு நிழல் கிழக்கே மூன்றரை அடிதான் எட்டும். இரண்டடி இடைவெளியைக் கழித்தால் ஒரு பேனலில் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் பாம்பன் பக்கத்துக் காற்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயர்த்தினால் கம்பியின் கனமும் அடிப்பகுதி கான்கிரீட்டின் எடையும் கூட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, மரமும் சுவரும் இல்லாத ஒரு நிழல். பேனலை அதிகச் சாய்வில்லாமல் வைத்திருப்பதால் கீழ்ச் சட்டத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கிக் காயும். மழை விட்டதும் மணலும் உப்பும் சேர்ந்து அங்கே விரலளவுக்கு ஒரு சேற்றுக் கோடு படியும். பேனல் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் அந்தக் கோடு கடைசி வரிசை செல்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மறைக்கும். செங்குத்தாக வைத்த பேனலில் அது மூன்று பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொடும். கண்ணாடி முழுக்கச் சீராகப் படியும் உப்புப் படலத்தால் ஸ்ட்ரிங்குக்கும் மைக்ரோவுக்கும் ஒரே இழப்புதான். இந்தக் கோடும் பெரும்பாலும் எல்லாப் பேனலிலும் ஒன்றுபோல இருப்பதால் மைக்ரோ இங்கே காப்பாற்றாது. காக்கை, கடற்பறவை எச்சம் வேறு விஷயம், அது காய்ந்து ஒரு செல்லின் மேல் அப்பிக்கொண்டால் அந்த செல் சூடாகிக் கெட்டுப்போகவும் கூடும். காலை ஏழு மணிக்குள், கண்ணாடி சூடாவதற்கு முன், நல்ல தண்ணீர் ஊற்றி மெல்லிய துணி சுற்றிய கோலால் கீழ் ஓரத்தை முதலில் தேய்த்து எடுங்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் அந்தத் தண்ணீரையே ஊற்றினால் வெள்ளைத் திட்டு படிந்துவிடும். ஆறு பேனலுக்கு இரண்டு குடம் குடிதண்ணீர் தாராளம்.